டிஸ்க் படிக்கவில்லையா? கீறலா, லென்ஸ் அழுக்கா என்று பிரித்துப் பார்க்கும் வழி

பழைய புகைப்படங்கள் எழுதி வைத்த ஒரு சிடியைத் தேடி எடுத்து டிரைவில் போடுகிறீர்கள். கொஞ்ச நேரம் சுழலும் சத்தம் கேட்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை, அல்லது பாதிக் கோப்புகள் நகலான பிறகு பிழைச் செய்தி வருகிறது. சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் இரண்டு பேர்: டிஸ்க்கின் மேலுள்ள கீறல், அல்லது டிரைவுக்குள் இருக்கும் லென்ஸில் படிந்த தூசி. இரண்டுக்கும் மருந்து வேறு. கீறலுக்கு லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. லென்ஸ் அழுக்காக இருக்கும்போது டிஸ்க்கைத் தேய்த்து மெருகேற்றினால், நன்றாக இருந்த டிஸ்க்கும் கெடலாம். அதனால் கையில் துணியை எடுப்பதற்கு முன் குற்றவாளி யார் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் காதைக் கொடுங்கள்

டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் டிரைவ் ஒரு ஒழுங்கில் வேலை செய்கிறது. லேசர் இருக்கும் பகுதி மையத்தின் பக்கம் நகர்கிறது. லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, டிஸ்க்கிலிருந்து ஒளி திரும்பி வருகிறதா என்று தேடிக் குவியத்தைப் பிடிக்கிறது. பிடித்ததும் டிஸ்க்கைச் சுழற்றி, உள்வட்டத்தில் இருக்கும் அட்டவணையைப் படிக்கிறது. டிஸ்க்கில் தரவு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் இந்த அட்டவணை மையத்துளைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

லென்ஸ் அழுக்காக இருந்தால் பெரும்பாலும் முதல் படியிலேயே தடுமாற்றம் வரும். ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம், சுழற்ற ஒரு முயற்சி, மறுபடி டிக், பிறகு அமைதி. டிஸ்க் இருப்பதையே டிரைவ் ஒப்புக்கொள்ளாது. விண்டோஸ் `Please insert a disc` என்று கேட்கும். லினக்ஸ் `no medium found` என்று சொல்லும். டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் டிரைவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

கீறல் விழுந்த டிஸ்க் வேறு மாதிரி நடந்துகொள்ளும். டிரைவ் அதை உடனே அடையாளம் காணும், கோப்புகளின் பட்டியலும் வரும். நகலெடுக்கத் தொடங்கினால் ஒரு குறிப்பிட்ட கோப்பு வரை நன்றாகப் போய், அங்கே சுழற்சி வேகம் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில் விண்டோஸில் `Data error (cyclic redundancy check)` என்று வரும். லினக்ஸில் `Medium Error` என்று பதிவாகும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கீறல் மையத்துளையை ஒட்டிய அந்த அட்டவணைப் பகுதியிலேயே விழுந்திருந்தால், மீதி டிஸ்க் பளிங்கு மாதிரி இருந்தாலும் டிரைவ் அதை அடையாளம் காணாது. அதனால் சத்தத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

மூன்று டிஸ்க் சோதனை

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ‘கடையில் வாங்கிய பாட்டு சிடியைப் போட்டேன், ஓடுகிறது. அப்படியானால் லென்ஸ் நன்றாக இருக்கிறது, டிஸ்க்தான் போச்சு’ என்று முடிவு கட்டுவார்கள். அது சரியான முடிவு இல்லை.

காரணம், எல்லா டிஸ்க்கும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. தொழிற்சாலையில் அச்சிட்ட சிடி, தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும்படி செய்யப்படுகிறது. ஒரு முறை எழுதும் சிடி-ஆர் ஏறக்குறைய அதே அளவு, 65 சதவீதத்துக்கு மேல். ஆனால் அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். டிவிடியிலும் இதே கதை: ஒற்றை அடுக்கு டிவிடி குறைந்தது 45 சதவீதம், இரட்டை அடுக்கு டிவிடி 18 முதல் 30 சதவீதம் வரை.

லென்ஸில் தூசி படிந்தால் போகும் ஒளியும் குறையும், திரும்பி வரும் ஒளியும் குறையும். அச்சிட்ட சிடியிடம் தாராளமான கையிருப்பு இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். முதலில் விழுவது ஆர்டபிள்யூவும் இரட்டை அடுக்கும்தான். ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள்.

1. சந்தேகத்துக்குரிய டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டு, அதே வகையைச் சேர்ந்த, நன்றாக இருப்பதாக உங்களுக்குத் தெரிந்த ஒரு டிஸ்க்கைப் போடுங்கள். சிடி-ஆருக்குச் சிடி-ஆர், இரட்டை அடுக்கு டிவிடிக்கு இரட்டை அடுக்கு டிவிடி.
2. அடுத்து, ஒளி குறைவாகத் திருப்பும் வகையில் ஒன்று: நல்ல நிலையில் உள்ள ஆர்டபிள்யூ டிஸ்க்.
3. கடைசியாக, சந்தேக டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

மூன்றும் இதே டிரைவில் திணறினால் டிரைவ்தான் காரணம். ஆர்டபிள்யூ மட்டும் திணறி மற்றவை ஓடினாலும் அதே பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும், லென்ஸ் மங்கத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது. நல்ல டிஸ்க் எல்லாம் ஓடி, சந்தேக டிஸ்க் இரண்டு டிரைவிலும் திணறினால் டிஸ்க்தான்.

சிடி எல்லாம் படிக்கிறது, டிவிடி ஒன்றுகூடப் படிக்கவில்லை, அல்லது அதற்கு நேர்மாறு என்றால் என்ன செய்வது? சிடிக்கு 780 நானோமீட்டர் லேசரும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசரும் பயன்படுகின்றன. ஒரே டிரைவுக்குள் இவை இரண்டு தனி லேசர்கள். ஒன்று செத்துப்போய் மற்றது உயிரோடு இருக்கலாம். இப்படி ஒரு வகை மட்டும் அடியோடு நின்றுபோனால் துடைப்பதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு டிரைவில் டிஸ்க் ஓடிவிட்டால் ‘டிஸ்க் சுத்தம்’ என்று சொல்லிவிட முடியாது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு டிரைவின் பொறுமையும் வேறு. கீறலை ஒன்று சமாளிக்கும், இன்னொன்று கைவிரிக்கும். அந்தச் சிக்கலை அவிழ்க்க அடுத்த சோதனை உதவும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

கீறல் நகராது. இன்று ஓரிடத்தில் படிக்க முடியவில்லை என்றால் நாளையும் அதே இடத்தில்தான். அழுக்கு லென்ஸ் அப்படி இல்லை. ஒரு முறை பத்தாவது கோப்பில் நிற்கும், அடுத்த முறை நாற்பதாவதில் நிற்கும், டிரைவ் சூடானதும் வேறு எங்கோ நிற்கும். ஒரே டிஸ்க்கை இரண்டு மூன்று முறை முழுதாக நகலெடுத்துப் பார்த்து, எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் அதிகம் சொல்வது இதுதான்.

லினக்ஸ் இருந்தால் இடத்தை எண்ணாகவே பார்க்கலாம். நகல் தோற்றதும் `sudo dmesg | tail` என்று கொடுங்கள். இது மாதிரி வரும்:

```
[sr0] Sense Key : Medium Error [current]
[sr0] Add. Sense: Unrecovered read error
I/O error, dev sr0, sector 480000
```

கடைசி எண்ணில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. கெர்னல் எண்ணுவது 512 பைட் துண்டுகளில், தரவு டிஸ்க்கின் செக்டரோ 2048 பைட். ஆகவே நான்கால் வகுக்க வேண்டும்: 480000 ÷ 4 = 120000. டிஸ்க்கின் கணக்கில் பிழை 120000ஆவது செக்டரை ஒட்டி இருக்கிறது.

இந்த எண்ணைக் கண்ணால் பார்க்கும் இடமாக மாற்றலாம். 80 நிமிட, 700 எம்பி சிடியில் மொத்தம் 360000 செக்டர்கள். நம் பிழை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. சிடியில் தரவு மையத்திலிருந்து 25 மி.மீ. தூரத்தில் தொடங்கி 58 மி.மீ. வரை போகிறது. வெளிவட்டங்கள் பெரியவை, அவற்றில் அதிகம் அடங்கும். அதனால் மூன்றில் ஒரு பங்கு என்பது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்ல, பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கு இதுதான்:

```
r = √(625 + 2739 × பங்கு)
r = √(625 + 2739 × 1/3) = √1538 ≈ 39 மி.மீ.
```

625 என்பது 25இன் வர்க்கம். 58இன் வர்க்கத்திலிருந்து அதைக் கழித்தால் 2739. டிஸ்க்கின் ஆரம் 60 மி.மீ. என்பதால், வெளி விளிம்பிலிருந்து 21 மி.மீ. உள்ளே பார்க்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து, அந்த வட்டத்தைச் சுற்றி விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கீறலோ கைரேகையோ உலர்ந்த நீர்த்துளியின் கறையோ கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது. அந்த வட்டம் முழுக்கச் சுத்தமாக இருந்து, பிழை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் வந்தால் டிரைவைத் திறக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. வேகமாகப் படிக்கும் டிரைவுகளில் டிஸ்க்கின் வெளிப்பகுதியைப் படிக்கும்போதுதான் தரவு வேகம் உச்சத்தில் இருக்கும், டிஸ்க்கின் ஆட்டமும் அங்கேதான் அதிகம். சமிக்ஞை ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் கடைசிக் கோப்புகளில்தான் விழும். லினக்ஸில் `eject -x 4 /dev/sr0` என்று கொடுத்து வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்து மறுபடி முயலுங்கள். எல்லா டிரைவும் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. கீழ்ப்படிந்து, மெதுவாகப் போகும்போது எல்லாம் படித்துவிட்டால் ஆழமான கீறல் இல்லை என்று அர்த்தம். மங்கிய லென்ஸ், அல்லது முதலிலேயே சரியாக எழுதப்படாத டிஸ்க்.

எந்தக் கீறலுக்குப் பயப்பட வேண்டும்

கீறல் தெரிகிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. சிடியில் லேசர் 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கைக் கடந்து அந்தப் பக்கம் உள்ள தரவு அடுக்கில் குவிகிறது. டிஸ்க்கின் பரப்பில் நுழையும்போது ஒளிக்கற்றை ஏறக்குறைய முக்கால் மி.மீ. அகலம் இருக்கும். கொசுவலை போட்ட சன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்க்கும்போது வலையின் கம்பி கண்ணை உறுத்தாது அல்லவா, அதுபோலத்தான் மெல்லிய கீறல்கள் லேசருக்கு. போதாததற்குப் பிழை திருத்தும் குறியீடும் இருக்கிறது. தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளத்துக்குத் தரவு தொடர்ச்சியாகத் தொலைந்தாலும் சிடி அதை மீட்டுக்கொள்ளும்.

அந்த 2.5 மி.மீ. கணக்கிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும் கீறல், ஒவ்வொரு சுற்றுத் தடத்தையும் குறுக்கே வெட்டுகிறது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், ஒரு தடத்தில் அது மறைக்கும் நீளம் கீறலின் அகலம் மட்டும்தான். அதைச் சமாளித்துவிடலாம். வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல் சிறியதாகவே இருக்கலாம், ஆனால் ஒரே தடத்தை ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குத் தொடர்ந்து மறைத்துவிடும். டிஸ்க்கை வட்டமாகத் துடைக்காதே என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

நகத்தை மெதுவாக மேலே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காத கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. சிக்கினால் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

அடுத்து டிஸ்க்கைத் திருப்புங்கள். பலரும் பளபளக்கும் பக்கத்தையே கவனிக்கிறார்கள். சிடியில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி பட்டாலும் தரவே பெயர்ந்துவிடும். சிடியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடத்தில் படலம் இல்லை. அதை எந்த மெருகும் திருப்பித் தராது. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

மையத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், டிரைவில் போடாதீர்கள். 52 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். விரிசல் விட்ட டிஸ்க் உள்ளேயே சிதறலாம்.

துடைப்பது

டிஸ்க்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எளிது. தூசியை முதலில் ஊதித் தள்ளுங்கள், தூசியோடு துடைத்தால் அதுவே கீறும். மைக்ரோஃபைபர் துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். கைரேகை போகவில்லை என்றால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுக்கவும். டிஷ்யூ காகிதம், சட்டை நுனி இரண்டும் வேண்டாம்.

லென்ஸ் விஷயத்தில் இன்னும் மென்மை தேவை. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணில் படும். மேசைக் கணினி டிரைவைக் கழற்றி, அடிப்பக்கம் உள்ள நான்கு திருகுகளை எடுத்துத் திறக்க வேண்டியிருக்கும். தட்டு வெளியே வர மறுத்தால் முன்பக்கத்துச் சிறுதுளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்துங்கள். எதைச் செய்வதானாலும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான். மூடி திறந்த டிரைவை ஓட்டி லென்ஸை எட்டிப் பார்க்கவே கூடாது. சிடி லேசர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, எரிவது தெரியாமலே கண்ணைக் கெடுக்கும்.

லென்ஸ் என்பது சட்டை பொத்தானைவிடச் சிறிய, நீலச்சாயல் அடிக்கும் குமிழ். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் தொட்டாலே ஆடும். ரப்பர் காற்றுப் பம்பால் இரண்டு மூன்று முறை ஊதுங்கள், பல நேரம் இதுவே போதும். போதவில்லை என்றால் பஞ்சுக் குச்சியின் நுனியை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி ஒற்றிவிட்டு, லென்ஸின் மேல் ஒரே ஒரு சுற்று, அழுத்தாமல். உலர்ந்த குச்சியால் இன்னொரு முறை. சில நிமிடம் உலரவிட்டு மூடுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

தூரிகை ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ டிஸ்க்குகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மேலோட்டமான தூசியை அவை தட்டிவிடும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை எடுக்காது. தூரிகை லென்ஸை எவ்வளவு அழுத்துகிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. டிரைவைத் திறக்கவே முடியாத நிலையில் ஒரு முறை முயலலாம்.

துடைத்ததும் அதே மூன்று டிஸ்க் சோதனையை மறுபடி செய்யுங்கள். முன்பு திணறிய ஆர்டபிள்யூ இப்போது ஓடினால் கண்டுபிடிப்பு சரி.

டிஸ்க்தான் காரணம் என்றால்

மெருகேற்றுவதற்கு முன், எடுக்க முடிந்த அளவு தரவை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் இதற்கு `ddrescue` நல்ல கருவி:

```
ddrescue -b 2048 -n /dev/sr0 disc.iso disc.map
ddrescue -b 2048 -d -r3 /dev/sr0 disc.iso disc.map
```

முதல் வரி சுலபமாக வரும் பகுதியை அள்ளிக்கொண்டு, கடினமான இடங்களைத் தாண்டிப் போகும். இரண்டாவது வரி விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து முயலும். `disc.map` கோப்பில் எது வந்தது, எது வரவில்லை என்று பதிவாகியிருக்கும். அதை அழிக்காமல் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றி இரண்டாவது வரியை மறுபடி ஓட்டினால், அந்த டிரைவ் விடுபட்டதை மட்டும் படிக்க முயலும். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். இது தரவு டிஸ்க்குகளுக்கு மட்டும், பாட்டு சிடிக்கு இந்த வழி பொருந்தாது.

எல்லாம் முயன்று இன்னும் குறை இருந்தால் அப்போது மெருகு. சிடி, டிவிடி இரண்டிலும் பளபளக்கும் பக்கத்துப் பிளாஸ்டிக்கை மட்டும் நுண்ணிய மெருகுப் பசையால், மறுபடியும் மையத்திலிருந்து வெளியே என்ற திசையில், கீறல் உள்ள இடத்தில் மட்டும் தேய்க்கலாம். வெள்ளைப் பற்பசையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், ஆழமில்லாத கீறலுக்கு அது உதவும். புளூரேயில் இதைச் செய்யவே கூடாது. அதன் தரவு பரப்புக்கு 0.1 மி.மீ. கீழேதான் இருக்கிறது, மேலே கடினமான காப்புப் பூச்சு வேறு. தேய்த்தால் பூச்சு போகும், பிறகு துணி பட்டாலும் கீறல் விழும்.

லென்ஸைத் துடைத்தும் டிரைவ் திருந்தவில்லை என்றால், தூசி லென்ஸுக்கு அடியில் உள்ள கண்ணாடிகளில் படிந்திருக்கலாம், அல்லது லேசரே வயதாகிப் பலவீனமாகியிருக்கலாம். லேசர் பகுதியில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு லேசர் மொத்தமாகப் போய்விடும். அந்த நேரத்தில் டிரைவையே மாற்றுவதுதான் மலிவு.